விருந்தாளியின் உடுப்பு: வாடகையா, சொந்தமா?

ஈஸ்டர் முடிந்ததும் குமரி மாவட்டத்துத் தேவாலயங்களில் கல்யாணங்கள் தொடங்கிவிடும். தவக்காலத்துக்காகத் தள்ளி வைத்தவை எல்லாம் அடுத்து வரும் சில வாரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். பள்ளி விடுமுறையும் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களின் தேதிகளும் அதே நாட்களில்தான். இந்து வீடுகளின் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்ளும்போது, ஒரு சராசரிக் குடும்பத்துக்கு ஒரே மாதத்தில் நான்கைந்து அழைப்பிதழ்கள் வந்துவிடுகின்றன. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் என்ன உடுத்த வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. போகிறவர்கள் என்ன செய்வது என்பதுதான் வீட்டுக்குள் சண்டையாகிறது. அந்த இடத்தில்தான் வாடகைக் கடை வந்து நிற்கிறது. கோட்டு, கவுன், லெஹங்கா, ஷெர்வானி எல்லாம் இப்போது நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மணமக்களுக்கென்று ஆரம்பித்த வழக்கம் இன்று மாமன், மச்சான், தோழி, பூக்கூடை ஏந்தும் குழந்தை வரை வந்திருக்கிறது.

வாடகைதான் புத்திசாலித்தனம் என்கிறவர்களும், சொந்தத் துணிதான் மரியாதை என்கிறவர்களும் இதை முழுக் குடும்பத்துக்குமான ஒரே கேள்வியாகப் பேசுகிறார்கள். என் பார்வையில் கணக்கு உடுப்புக்கு உடுப்பு மாறுகிறது. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், ஏழு வயதுச் சிறுமி. நெருங்கிய சொந்தத்தில் மார்த்தாண்டத்தில் கல்யாணம். காலையில் கோவில், மாலையில் வரவேற்பு. கீழே வரும் தொகைகள் கணக்கின் போக்கைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடையில் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மகளின் லெஹங்கா. வாங்கினால் 12,000 ரூபாய், இடுப்பும் நீளமும் சரி செய்ய 800. ஒவ்வொரு முறை உடுத்திய பிறகும் டிரை வாஷுக்கு 600. வாடகை என்றால் வெளுப்புச் செலவும் சேர்த்து 3,000. சொந்த லெஹங்காவை ஒவ்வொரு தடவை உடுத்தும்போதும் 2,400 மிச்சம் என்று வைத்தால், போட்ட 12,800 ரூபாய் ஆறாவது தடவையில்தான் திரும்புகிறது. ஆறு தடவை உடுத்துவாளா? இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். துணி ஆறு தடவைக்கு மேலும் தாங்கும். ஆனால் நம் ஊர்க் கல்யாணங்களில் பந்தியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். அதே சித்திமார், அதே மைனிமார், அதே போட்டோக்காரர்கூட இருக்கக்கூடும். மயில் கழுத்து நிறத்தில் கண்ணாடி பதித்த லெஹங்காவை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால் எத்தனை கல்யாணம் வரும் என்று எண்ணுவதைவிட, ஒன்றை ஒன்று பாராத எத்தனை கூட்டங்களுக்குப் போகிறோம் என்று எண்ணுவதே சரி. அப்பா வழி, அம்மா வழி, கல்லூரித் தோழிகள் என்று பார்த்தால் மூன்று. மூன்றோடு நின்றுவிடும் உடுப்பு ஆறாவது தடவையில் லாபம் தரும் என்பது ஏட்டுச் சுரைக்காய். லெஹங்காவுக்கு வாடகையே சரி.

அம்மாவின் பட்டுச் சேலைக்கு இதே கணக்கு தலைகீழாகிவிடும். அடக்கமான நிறத்தில் மெல்லிய கரை போட்ட பட்டை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ரவிக்கையின் நிறத்தை மாற்றினால் வேறு சேலை போலவே தெரியும். பாலராமபுரம் கசவுச் சேலையும் அப்படித்தான். பழைய திருவிதாங்கூர் வழக்கம் மாறாத நம் பக்கத்தில் அது கோவிலுக்கும் ஆகும், ஓணத்துக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும். சேலைக்கு இடுப்பளவு கிடையாது. பத்துக் கிலோ கூடினாலும் குறைந்தாலும் கொசுவம் ஒன்றிரண்டு குறையும் அல்லது கூடும், அவ்வளவே. மாறுவது ரவிக்கைதான். வாடகைச் சேலையின் பெரிய ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. கடை தரும் ரவிக்கை யாரோ ஒருவரின் அளவு. அது சேராமல் புதிதாக ஒன்று தைத்தால், அந்தத் துணியும் கூலியும் சேர்ந்து வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சேலையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்த ரவிக்கைக்கு ஜோடியும் இல்லை. சேலையை வாங்குங்கள். தையற்காரரிடம், பக்கத் தையல்களில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பின்னால் உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். கைக்குழி மட்டும் அப்படி விரியாது; அதை முதலிலேயே இறுக்கமில்லாமல் வெட்டச் சொல்ல வேண்டும்.

சொந்தச் சேலைக்கு ஒரு மறைமுகச் செலவு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது; கடற்காற்றின் ஈரம் வேறு. பிளாஸ்டிக் கவரில் மூடி பீரோவில் வைத்த பட்டில் பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் மடிப்போடு இழை விட்டுப்போகும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி வைக்கிறவர்களுக்கே சொந்தப் பட்டு லாபம். அதற்கு நேரமில்லாத வீட்டில் எட்டுப் பட்டு வாங்கி அடுக்குவது வெறும் நஷ்டம்.

அப்பாவின் கோட்டு சூட்டுதான் நடுவில் தொங்கும் வழக்கு. வேட்டி சட்டை என்றால் இந்தக் கேள்வியே எழாது. எந்த உடம்புக்கும் சேரும், வீட்டிலேயே துவைக்கலாம். ஆனால் நெருங்கிய உறவில் தேவாலயக் கல்யாணம் என்றால் சிலர் கோட்டு எதிர்பார்ப்பார்கள். தைக்க 9,000, டிரை வாஷ் 400, வாடகை 1,800 என்று வைத்தால் ஏழாவது தடவையில் சொந்தக் கோட்டு முந்துகிறது. ஆண்களின் கருநீலக் கோட்டை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பதால் ஏழு தடவை நடக்கக்கூடியதே. வருடத்துக்கு மூன்று கல்யாணம் என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வயிறு எவ்வளவு மாறும் என்பதைத்தான் நாற்பத்தைந்து வயதுக்காரர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அலுவலகத்துக்கும் கோட்டு போடுகிறவர் தைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு வாடகை போதும்.

வாடகைக் கோட்டில் எதைச் சரி செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று தெரிந்திருந்தால் பாதித் தொல்லை தீரும். கால்சட்டை இடுப்பைப் பின்தையலில் ஓர் அங்குலம் வரை பிடிக்கலாம், விடலாம். கை நீளத்தை மடிக்கலாம். தோளை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அதைத் தாண்டிக் கீழே தொங்கினால் அந்தக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தால் மட்டும் போதாது. பித்தான் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இலையில் சாப்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகில் துணி இழுத்துப் பிடித்தாலும், கோட்டின் கழுத்து சட்டைக் காலரை விட்டு எழும்பினாலும், மூன்று மணி நேர வரவேற்பில் அது உங்களைச் சித்திரவதை செய்யும். கவுன் எடுக்கும் பெண்கள் கல்யாணத்தன்று போடப் போகிற செருப்பைக் கையோடு கொண்டு போக வேண்டும். இரண்டு அங்குலக் குதிகாலில் கீழ்க்கரையின் கதையே மாறிவிடும்.

வாடகையின் இன்னொரு குறை, எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுவது. ஈஸ்டருக்குப் பிந்தைய சனிக்கிழமை திரும்பி வந்த கோட்டு, திங்கட்கிழமை வேறொருவர் தோளில் ஏறுகிறது. நடுவில் முறையாக வெளுக்க நேரமில்லை. இஸ்திரி மட்டும் போட்டு மாட்டிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. உள்துணியைத் திருப்பி அக்குளில் பாருங்கள்; வியர்வை உப்பின் வெள்ளை வளையம் இருக்கும். உள்ளங்கையை அங்கே ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றி முகர்ந்தால் அடங்கியிருந்த வாடை எழும்பும். கடைசி நேரத்தில் போனால் உங்கள் அளவு போய், மிஞ்சிய அளவே கிடைக்கும். மூன்று வாரம் முன்பே போய் அளவு பார்த்துப் பதிந்துவைத்து, முந்தின நாள் எடுக்கும்போது மறுபடியும் ஒரு முறை போட்டுப் பார்ப்பதுதான் வழி.

அதைவிடப் பெரிய தகராறு கறை. நாஞ்சில் நாட்டுப் பந்தியில் பருப்பும் சாம்பாரும் எரிசேரியும் பிரதமனும் வரிசையாக வரும்; தப்பிப்பது கஷ்டம். மஞ்சள் கறை பட்டால் பதறிப்போய்ச் சோப்புப் போடுகிறோம். சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும், கடைக்காரர் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வார். துடைத்தெடுத்து, வெறும் தண்ணீரில் ஒற்றி, அப்படியே விட்டுவிடுவதுதான் வாடகைத் துணிக்கு நல்லது. சொந்த வெள்ளைப் பருத்தி என்றால் வெயிலில் காயப் போடலாம். மஞ்சளின் நிறத்தை வெயில் தின்றுவிடும். இந்த நிம்மதி வாடகையில் இல்லை. வாங்கும்போதே இருக்கிற கறை, கிழிசல், கழன்ற கல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே போனில் படமெடுத்து, ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும். பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். யார் செய்தது என்ற வழக்கு வரும்போது அவர்கள் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

ஏழு வயதுக் குழந்தைக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். அந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். வாங்கிய கவுன் அடுத்த ஈஸ்டருக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். சொரசொரக்கும் வலையும் பிறர் வியர்வையும் பட்ட வாடகைக் கவுன் குழந்தையின் தோலுக்கு ஆகாது. பெரியம்மா மகளின் கவுனை வாங்கித் துவைத்துப் போடுவதுதான் நம் வீடுகளின் பழைய வழி, இன்றும் அதுவே நல்ல வழி.

பிறர் உடுத்தியதை உடுத்துவதா என்று பாட்டிமார் முகம் சுளிப்பதை நான் சிறுமையாக நினைக்கவில்லை. மார்பை மறைத்து மேல்துணி உடுத்தும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனத்தில் அதில் ஒரு பகுதியைப் பெற்ற மண் இது. நாலு பேர் முன்னால் தன் துணியில் நிற்பது இங்கே வெறும் பகட்டு அல்ல. அதனால்தான் கடன் வாங்கியாவது புதிதாக எடுக்கிறார்கள். அந்த மானத்தைக் காக்க அடக்கமான ஒரு பட்டும் ஒரு நல்ல வேட்டியும் போதும்; ஒரு நாள் மினுக்கும் லெஹங்காவுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

எனவே அந்தக் குடும்பத்துக்கு என் தீர்ப்பு இது: அம்மாவுக்குச் சேலை சொந்தம், மகளுக்கு லெஹங்கா வாடகை, அப்பாவுக்கு வேட்டி சொந்தம், கோட்டு தேவைப்பட்டால் வாடகை, சிறுமிக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கவுன். கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கடைசியாக எந்தத் தேதியில் வெளுத்தது, திரும்பத் தர வேண்டிய நேரம் எது, எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்ற மூன்றையும் ரசீதில் அச்சடித்துக் கொடுங்கள்.