காலிமனை வழக்கும் பத்து நிமிட வானொலியும்

வாரங்கலில் 1961இல் ஒருவர் தம் சகோதரிக்கு மனையைப் ‘பசுப்பு குங்குமம்’ என்னும் சீராக வாய்வார்த்தையில் கொடுத்தார் என்கிறது ஒரு தரப்பு. பத்திரம் எழுதவில்லை. 1968இல் அந்தச் சகோதரி அதை இரண்டு பேருக்குப் பதிவுப் பத்திரம் மூலம் விற்றார். 1977இல் அதே மனையைச் சகோதரர் தம்முடையது என்று இன்னொருவருக்குக் கிரயம் செய்து கொடுத்தார். முதலில் வாங்கியவர்கள், தங்கள் அனுபவத்தில் எதிராளி தலையிடக் கூடாது என்று நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றத்தில் வென்றார்கள், முதல் மேல்முறையீட்டில் தோற்றார்கள், உயர் நீதிமன்றத்தில் மறுபடி வென்றார்கள். 2008 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். சிவில் வழக்கறிஞர்கள் அனைவருக்கும் ‘அனதுல சுதாகர் வழக்கு’ என்று தெரிந்த வழக்கு இது.

சமுதாய வானொலியில் சட்டப் பேச்சு நடத்துபவருக்கு இதைவிடத் தோதான வழக்கு கிடைக்காது. அண்ணன், தங்கை, சீர், இரண்டு முறை விற்ற மனை எல்லாம் இதில் இருக்கின்றன. கேட்பவர் வீட்டிலும் இதே கதை ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பேச்சு பெரும்பாலும் தடம் புரள்வதும் இந்தக் கதைச் சுவையால்தான். கேட்பவர் மனதில் குடும்பச் சண்டை நிற்கிறது, நீதிமன்றம் என்ன காரணம் சொன்னது என்பது நழுவிப்போகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். சமுதாய வானொலியின் ஒலிபரப்பு சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அந்த வட்டத்துக்குள் ஓடும் வழக்கை எடுத்துப் பேசினால் இரண்டு தரப்பும் கேட்டுக்கொண்டிருக்கும், பேசியவர் மறுநாள் கடைத்தெருவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கோ வாரங்கலில் நடந்து, இறுதித் தீர்ப்பும் வந்துவிட்ட வழக்கில் அந்தச் சங்கடம் இல்லை. இன்னொன்று, நிலத்தின் கதையை ஆண்டு வரிசையில் வாயால் சொல்லும்போது, கேட்பவர் தம் வீட்டுப் பத்திரங்களையும் அதே வரிசையில் மனதில் அடுக்கிப் பார்க்கிறார். ‘நமக்கு முன்னால் வைத்திருந்தவருக்கு இது எப்படி வந்தது?’ என்ற கேள்வி எழுகிறது. எந்தத் துண்டுப் பிரசுரமும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்யாது.

கோளாறு முடிவில் இருக்கிறது. ‘கடைசியில் ரெண்டாவதா வாங்கினவர் ஜெயிச்சார்’ என்று பேச்சை முடித்தால் கேட்பவர் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வார். வாய்வார்த்தையாகக் கொடுத்த சீர் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பது ஒன்று. மனை இனி இரண்டாவதாக வாங்கியவருக்குத்தான் என்பது மற்றொன்று. தீர்ப்பு இரண்டையும் சொல்லவில்லை. அசையாச் சொத்தைத் தானம் கொடுக்கப் பதிவுப் பத்திரம் வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் இந்த வழக்கில் மனை யாருடையது என்று உச்ச நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. உரிமை பற்றி இங்கே சொன்ன எதையும், பின்னால் தொடரப்படும் உரிமை வழக்கில் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவைத்தது.

முப்பது ஆண்டு நெருங்க இழுத்த வழக்கில் ‘மனை யாருடையது என்று சொல்லவில்லை’ என்றால் ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருப்பவருக்கே கூச்சமாக இருக்கும். அதனால்தான் பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் தீர்ப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நீதிமன்றம் போன வழி இது. வாதிகள் கேட்டது தடை மட்டும். தடை கிடைக்க, வழக்குப் போட்ட நாளில் நிலம் தங்கள் சுவாதீனத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். வீடாக இருந்தால் குடியிருப்பே சாட்சி, வயலாக இருந்தால் பயிர் சாட்சி. ஆனால் இது காலிமனை. காலிமனையில் யாரும் குடியிருப்பதில்லை, ஆகவே யாருக்கு உரிமையோ அவர் சுவாதீனத்தில் இருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சுவாதீனத்தைக் காட்டவே உரிமையைக் காட்ட வேண்டியதாகிறது. இங்கேயோ வாதிகளின் உரிமை முழுவதும் 1961இல் நடந்ததாகச் சொல்லும் வாய்வார்த்தையில் நிற்கிறது, எதிர்த்தரப்பு அப்படியொரு தானமே நடக்கவில்லை என்கிறது. உரிமையின் மேல் இவ்வளவு பெரிய சந்தேகம் விழுந்தபின் வெறும் தடை கேட்டால் போதாது, ‘மனை எங்களுடையது என்று அறிவியுங்கள்’ என்றும் கேட்டிருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் ‘விளம்புகை’ என்பது இதைத்தான்.

உயர் நீதிமன்றம், தானம் செல்லுமா, வாங்கியவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்றெல்லாம் ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். பிராதில் உரிமை பற்றிய வாதம் முறையாக வைக்கப்படவில்லை, விசாரணையில் அதைப் பற்றி எழுவினா வகுக்கப்படவில்லை. கேட்காத கேள்விக்கு எவ்வளவு சாட்சி இருந்தாலும் பதில் சொல்ல முடியாது, அதுவும் இரண்டாம் மேல்முறையீட்டில் முடியவே முடியாது என்றது.

இந்தப் படியைப் பாமர மொழியில் சொல்வது கடினம் என்று பேச்சாளர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தை அளந்து கொடுங்கள் என்று மனுப் போட்டுவிட்டு, அளக்க வந்த சர்வேயரிடம் ‘எங்கப்பாவுக்கு நான்தான் வாரிசுன்னு எழுதிக்கொடுங்க’ என்றால் அவர் என்ன செய்வார்? நீங்கள் வாரிசாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த மனுவில் அதை அவர் எழுத முடியாது. எந்த ஊரில் கேட்பவரும் இதைப் புரிந்துகொள்வார். ஒரு பேச்சுக்கு இப்படி ஓர் உவமை போதும். நான்கைந்தை அடுக்கினால் கேட்பவர் உவமைகளை நினைவில் வைத்துக்கொண்டு வழக்கை மறந்துவிடுவார்.

பேச்சைக் குடும்பக் கதையிலிருந்து தொடங்காமல் கேட்ட பரிகாரத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். ‘இவங்க கோர்ட்டுல என்ன கேட்டாங்க? எதிராளி உள்ளே வரக்கூடாதுன்னு மட்டும் கேட்டாங்க. மனை எங்களுதுன்னு சொல்லுங்கன்னு கேட்கலை. ஏன் கேட்கலை, கேட்காததால என்ன ஆச்சு, அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.’ இந்த நாலு வரியைப் பேச்சின் நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் திரும்பச் சொல்ல வேண்டும். வானொலி கேட்பவர் பக்கத்தைப் பின்னால் புரட்ட முடியாது. சட்டப் பிரிவு எண்களை ஒன்றுவிடாமல் விட்டுவிடலாம். அவை பேசுபவரின் படிப்பைக் காட்டுமே தவிர கேட்பவருக்கு உதவாது.

ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்குப் பேச்சு தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் செலவுதான் காரணம். தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால், வெறும் தடை கேட்கும் வழக்கில் வாதி தாமே போடும் மதிப்புக்குக் கட்டணம் கட்டினால் போதும், அது சிறு தொகையாகவே இருக்கும். உரிமையை அறிவித்துத் தடையும் கொடுங்கள் என்றால் சந்தை மதிப்பில் பாதிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 20 லட்ச ரூபாய் மனைக்கு 10 லட்சத்தின் மேல் 3 விழுக்காடு, அதாவது 30,000 ரூபாய். கையில் காசில்லாதவர் முதலில் தடை வாங்கிவிடுவோம் என்று போவதில் ஆச்சரியம் இல்லை. இந்தக் கணக்கைச் சொல்லாமல் வாதிகளின் முடிவை வெறும் கவனக்குறைவு போலப் பேசுவது அநியாயம்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. அதே தீர்ப்பில் மறுபக்கமும் இருக்கிறது. தெளிவான உரிமையும் சுவாதீனமும் உள்ளவரின் நிலத்தில் எவனோ வந்து வம்புக்கு ‘என்னுது’ என்று கூவினால், அதற்காக அவர் செலவு மிகுந்த உரிமை வழக்குக்குத் துரத்தப்பட வேண்டியதில்லை, தடை வழக்கே போதும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சந்தேகம் என்றால் உண்மையிலேயே குறையுள்ள உரிமை, அல்லது எதிராளி கையிலும் ஓரளவு ஆதாரம். இந்தப் பகுதி விடுபட்டால் பேச்சு ஆபத்தாகிறது. பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக வைத்திருக்கும் விதவைக்குப் பயம் வரும், அடுத்த வேலிக்காரனுக்குத் துணிச்சல் வரும். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடத்தை இதற்குக் கொடுக்கலாம், குடும்பக் கதையைக் குறைத்தாவது.

‘மறுபடி வழக்குப் போடலாம்னு சொல்லிட்டாங்க’ என்ற ஆறுதல் வரியும் இப்படித்தான். சட்டப்படி போடலாம் என்பதுதான் விஷயம், அந்தச் ‘சட்டப்படி’யைப் பேச்சு விழுங்கிவிடுகிறது. உரிமையை அறிவிக்கக் கோரும் வழக்குக்கு, வழக்குப் போடும் உரிமை முதலில் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கெடு. தடை வழக்கிலேயே பத்தாண்டு கழித்தவர் அதன்பின் உரிமை வழக்குக்குப் போனால், எதிராளி முதலில் தூக்கிப் பிடிப்பது இந்தக் கெடுவைத்தான். எதிருரையில் உங்கள் உரிமையை மறுத்து உருப்படியான ஆதாரம் காட்டினால், அப்போதே பிராதைத் திருத்தி உரிமையையும் கேட்பது பற்றி உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள் என்பதுதான் கேட்பவர் கையில் எடுத்துப் போகக்கூடிய செய்தி. பல பேச்சுகளில் இது வருவதே இல்லை.

தொலைபேசியில் நேயர் கேள்வி கேட்கும் பகுதியில் எனக்கு உடன்பாடு கிடையாது. இரண்டு நிமிடத்தில் ஒருவர் சொல்லும் கதையில் எதிர்த்தரப்பின் பத்திரம் இருக்காது, பிராதில் என்ன கேட்டிருக்கிறது என்பதும் இருக்காது. வாரங்கல் வழக்கு திரும்பியதோ அந்த இரண்டில்தான். அதைப் பார்க்காமல் ‘உங்களுக்குத் தடை கிடைக்கும்’ என்று சொல்வது, பேச்சு முழுவதும் சொன்னதற்கே முரண். தனி வழக்குகளை அங்கேயே நிறுத்திவிட்டு, நிகழ்ச்சி முடிவில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. கட்டணமில்லாத தொலைபேசி எண் 15100.