கதவைத் திறக்கச் சொல்ல வேண்டியது யார்?

மார்கழி நெருங்கும்போது திருச்சியில் ஒரு கூட்டம் கூடும். ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கான முன்னேற்பாட்டுக் கூட்டம். மாவட்ட ஆட்சியர் தலைமை. அறநிலையத் துறை, மாநகரக் காவல், மாநகராட்சி, மின் வாரியம், தீயணைப்பு, பொது சுகாதாரம், அரசுப் போக்குவரத்து, ரயில்வே என்று, மற்ற நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பார்க்காதவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பகல் பத்து, ராப்பத்து என்று மூன்று வாரம் நீளும் விழா அது. ஆனாலும் எல்லாருடைய கவலையும் நம்பெருமாள் பரமபத வாசலைக் கடக்கும் அந்த ஒரு விடியற்காலையில்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தின் தொடக்க உரையைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

தனியார் நிறுவனங்களின் திட்ட மேலாளர்களுக்கு ஒரு பழைய குறை உண்டு. வேலைக்குப் பொறுப்பு நம்முடையது, வேலை செய்பவர்கள் வேறொருவருக்குக் கீழே இருப்பவர்கள் என்பார்கள். ஆட்சியருக்கு அந்தக் குறை இராது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் ஸ்ரீரங்கம் விஷயத்தில் அவர் நிலையும் ஏறக்குறைய அதுதான். ஸ்ரீரங்கம் 1994-இல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. அதன் ஆணையருக்கு மேலிடம் நகராட்சி நிர்வாகத் துறை. மாநகரக் காவல் ஆணையர் ஆட்சியருக்குக் கீழ்ப்பட்டவர் இல்லை. கோயில் நிர்வாகம் அறநிலையத் துறைக்குப் பதில் சொல்வது. ரயில்வேயோ மத்திய அரசு. ஆக, அந்த மேசையில் உள்ள பலருக்கு அவர் நேரடி மேலதிகாரி இல்லை. இத்தனை பேரையும் ஒரு விடியலுக்காகக் கட்டி நிறுத்த அவர் கையில் இருப்பது பதவியின் மரியாதையும் அந்த உரையும்தான்.

உரைக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. துறை துறையாகப் பெயர் சொல்லி வேலையைப் பிரித்துக் கொடுத்ததும், ஒவ்வொருவரும் எழுந்து இத்தனாம் தேதிக்குள் முடித்துவிடுகிறோம் என்று சொல்கிறார்கள். கோப்பில் எழுதிய வாக்கு கோப்போடு தூங்கும். பக்கத்து நாற்காலிக்காரர் காதில் விழுந்த வாக்கை அப்படி மறக்க முடியாது. இன்னொன்றும் நடக்கும். மின் வாரியப் பொறியாளர் தற்காலிக விளக்குகளுக்கு எந்தத் தெருவில் கம்பி இழுக்கிறோம் என்று சொல்லும்போது, தீயணைப்பு அலுவலர் தலையை நிமிர்த்தி, ‘எங்க வண்டி அந்த வழியாத்தானே சார் வரணும், எவ்வளவு உயரத்துல போகுது?’ என்று கேட்பார். கடிதப் போக்குவரத்தில் பத்து நாள் ஆகும் சேதி அரை நிமிடத்தில் முடியும். கூட்டம் கூட்டியதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இந்த உரைகளில் தவறாமல் வரும் வாக்கியம், ‘அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்’ என்பது. கேட்க நன்றாக இருக்கும். யாருக்கும் வேலை வைக்காது. குடிநீர்த் தொட்டி மாநகராட்சிக்கு, தடுப்புக் கட்டை காவலுக்கு, சிறப்புப் பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு என்று பிரித்த வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடுகின்றன. ஆபத்து வருவது இரண்டு துறைகளின் எல்லை சந்திக்கும் இடத்தில். அந்த இடத்தை உரை ஒருங்கிணைப்பு என்ற சொல்லால் மூடிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

2025-இல் ஸ்ரீரங்கத்தில் ஜனவரி 10 அன்று வைகுண்ட ஏகாதசி. அதற்கு இரண்டு நாள் முன்பு, 8-ஆம் தேதி இரவு, திருப்பதியில் அதே விழாவின் இலவச தரிசன டோக்கனுக்குக் காத்திருந்தவர்களில் ஆறு பேர் நெரிசலில் இறந்தார்கள். காத்திருந்த கூட்டத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போக, அவரை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்தார்கள், டோக்கன் கொடுக்கத்தான் திறக்கிறார்கள் என்று எண்ணிக் கூட்டம் பாய்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. தேவஸ்தானத்துக்கும் காவல் துறைக்கும் இடையே ஒத்திசைவு இல்லை என்ற பேச்சும் உடனே எழுந்தது. கதவைத் திறந்தவர் இரக்கத்தோடுதான் திறந்திருப்பார். திறப்பதற்கு முன் வரிசையை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ள வேண்டும், எதற்காகத் திறக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் யார் சொல்வது என்பவை மருத்துவத்துக்கும் காவலுக்கும் கோயிலுக்கும் பொதுவான கேள்விகள். பொதுவானது என்றால் நம் ஊரில் யாருடையதும் இல்லை என்று அர்த்தம்.

இதை ஸ்ரீரங்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெருமாள் வடபுறத்து வாசலைக் கடந்து மணல்வெளி வழியாக ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகிறார். பின்னாலேயே அந்த வாசலைத் தாங்களும் கடக்க வேண்டும் என்று ஜனம் நெருக்குகிறது. ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயிலில் உள்ளே போகப் போக வாசல்கள் குறுகும். கட்டைகளுக்கு நடுவே, இரவெல்லாம் நின்ற ஒரு பாட்டி மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டையின் பூட்டு கோயில் ஊழியரிடம். கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவது காவலர். ஸ்ட்ரெச்சர் சுகாதாரத் துறையிடம். ஆம்புலன்ஸ் வெளியே சித்திரை வீதியில். நாலு பேரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தாலும், முதலில் வரிசை நிற்க வேண்டும், பிறகுதான் கட்டை திறக்க வேண்டும் என்ற வரிசைமுறையை ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். உரையில் இருக்க வேண்டிய வாக்கியம் இதுதான்: ‘இந்த வாசலில் வரிசையை நிறுத்தும் முடிவு அங்கே பணியில் இருக்கும் ஆய்வாளருடையது. அவர் நிறுத்தியாயிற்று என்று சொன்ன பிறகே கட்டை திறக்கும். அவர் யாரிடமும் அனுமதி கேட்கக் காத்திருக்க வேண்டாம்.’ கடைசிச் சொற்றொடரைச் சொல்வதற்குத்தான் தலைமை வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட நிகழ்வு எதிர்வினை முறை வழிகாட்டியும் களத்துக்கு ஒரு தளபதியை முன்கூட்டியே நியமிக்கச் சொல்கிறது. நம் கூட்டங்களில் தளபதிகள் நிறைய இருப்பார்கள், எல்லாரும் மேசையருகே.

உரை முடிந்ததும், ‘யாருக்காவது ஏதாவது சிரமம் உண்டா?’ என்ற கேள்வி வரும். அறை அமைதியாக இருக்கும். மேலதிகாரியும் சக துறைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, போன வருஷம் எங்கள் பக்கம் தண்ணீர் தீர்ந்துபோனது என்று எந்த உதவிப் பொறியாளர் சொல்வார்? உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் எழுதிய ஒரு யோசனை இந்த இடத்துக்குப் பொருந்தும். திட்டம் தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, எதனால் தோற்றது என்று ஒவ்வொருவரையும் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். சிரமம் உண்டா என்று கேட்டால் குறை சொல்பவராகிவிடுவோம் என்ற பயம் வரும். தோற்றாயிற்று, காரணம் சொல்லுங்கள் என்றால் அது கெட்டிக்காரத்தனத்துக்கான சோதனையாகிவிடும். சீட்டில் பெயர் இல்லாமல் எழுதி வாங்கினால் வாய் திறக்காதவரும் எழுதுவார். ஆனால் இதை உரைக்கு முன்பே செய்ய வேண்டும். தலைவர் பேசி முடித்த பிறகு எழுதச் சொன்னால் அவர் பேசியதே சீட்டிலும் திரும்பி வரும்.

இதெல்லாம் தெரியாதவர்கள் அந்த மேசையில் இல்லை. பிறகும் உரை ஏன் ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருக்கிறது? மறுநாள் அது செய்தித்தாளில் வரவேண்டும் என்பது ஒரு காரணம். இத்தனை காவலர்கள், இத்தனை கேமராக்கள், இத்தனை சிறப்புப் பேருந்துகள் என்பது பக்தர்களுக்குப் பயனுள்ள செய்தி, தைரியமும் தரும். ‘வடக்கு வாசலில் யார் முடிவெடுப்பது என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது’ என்பது அதே செய்தியில் இடம்பெற முடியாது. ஊருக்குச் சொல்ல வேண்டிய பேச்சும் குழுவுக்குச் சொல்ல வேண்டிய பேச்சும் ஒரே வாயில், ஒரே மணி நேரத்தில் வரும்போது, ஊருக்கான பேச்சே வெல்லும்.

அதனால் கேமராக்கள் போன பிறகு இன்னொரு கூட்டம் வேண்டும், கோயிலுக்குள்ளேயே. துறைத் தலைவர்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த விடியலில் அங்கே நிற்கப் போகும் ஆய்வாளர், கட்டைச் சாவி வைத்திருக்கும் கோயில் ஊழியர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், துப்புரவு மேற்பார்வையாளர் ஆகியோர் வரவேண்டும். இவர்களுக்கு முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை. வாசலில் நின்று கட்டையை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தால், சாவி இன்னொருவரிடம் இருப்பது அப்போதே தெரிந்துவிடும்.