127 டிகிரியில் தொடங்கும் கண்ணாடி: ஒரு மாணவரின் கடிதம் பற்றி

இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் தன் பேராசிரியருக்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதம் என்னிடம் வந்தது. பேராசிரியர் என் நண்பர். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளலாம்னு இருவரும் சொல்லிவிட்டார்கள். கடிதத்தின் கேள்வி இது: வெப்பக் கடத்தலுக்கான முடிவில்லாத் தொடரில் முதல் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆரம்ப நேரத்தில் விடை ஏன் தவறாக வருகிறது? புத்தகத்தில் "ஃபோரியர் எண் 0.2க்கு மேல் இருந்தால் மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறது, காரணம் இல்லை. ஹைஸ்லர் 1947இல் வெளியிட்ட வரைபடங்களும் இந்த எல்லையை வைத்துத்தான் வரையப்பட்டவை. ஆக, கேள்வி நியாயமானது.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கு எளிமையானது. 10 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடித் தகடு, முழுக்க 100 டிகிரி. அதை 0 டிகிரி ஐஸ் தண்ணீரில் முக்குகிறோம். இரண்டு மேற்பரப்பும் அந்த நொடியே 0 டிகிரி ஆகிவிடுவதாக வைத்துக்கொள்கிறார். நிஜத்தில் அப்படி ஆகாது, ஆனால் கேள்விக்கு இது போதும். முதல் உறுப்பு இப்படி இருக்கும்:

```
T = 100 (4/π) cos(πx/2L) exp(−π² Fo/4),   Fo = αt/L²
```

இங்கே L என்பது பாதித் தடிமன், 5 மி.மீ. x என்பது மையத்திலிருந்து உள்ள தூரம். கண்ணாடிக்கு α சுமாராக 5×10⁻⁷ ச.மீ./வினாடி. அப்படியானால் L²/α சரியாக 50 வினாடி. ஃபோரியர் எண் 0.2 என்பது பத்தாவது வினாடி.

கடிதத்தின் நல்ல பகுதி இங்கேதான் இருக்கிறது. "விடை துல்லியமாக இல்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எண்ணைப் போட்டுக் காட்டியிருக்கிறார். t = 0இல் மையத்தின் வெப்பநிலை 127 டிகிரி! 100 டிகிரியில் இருந்த தகட்டைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டதும் நடுப்பகுதி சூடாகிறது. "இது நடக்கவே முடியாது சார்" என்று எழுதியிருக்கிறார். முடியாதுதான்.

அடுத்த பத்தியில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. ஆரம்பத்தில் வெப்பநிலை மிக வேகமாக மாறுவதால் ஒற்றை உறுப்பால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியவில்லை என்று ஊகிக்கிறார். ஆனால் தவறு வெளிப்படும் இடம் மையம். அங்கே ஆரம்பத்தில் எதுவுமே மாறவில்லை! அரை வினாடியில் குளிர் மேற்பரப்பிலிருந்து சுமார் 2 மி.மீ. ஆழம்தான் போயிருக்கும், மையம் அசையாமல் 100இலேயே நிற்கிறது. அதே நேரத்தில் ஒற்றை உறுப்பு சொல்வது 124.

கீழே உள்ளதை ஓட்டிப் பாருங்கள், 124.2, 100.0 என்று வரும்.

```python
from math import pi, exp

def centre(Fo, N):
    s = 0
    for n in range(N):
        m = 2*n + 1
        s += (-1)**n * 4/(m*pi) * exp(-(m*pi/2)**2 * Fo)
    return 100*s

print(round(centre(0.01, 1), 1), round(centre(0.01, 10), 1))
```

எனக்குப் படும் காரணம் இது. ஒற்றை உறுப்பு என்பது தோராயமான விடை இல்லை. வேறொரு கேள்விக்கான சரியான விடை. மேலே உள்ள சூத்திரம் வெப்பச் சமன்பாட்டை எந்த நேரத்திலும் அப்படியே நிறைவு செய்கிறது, மேற்பரப்பில் 0 டிகிரி என்பதையும் நிறைவு செய்கிறது. மாறியது ஒன்றே ஒன்று: ஆரம்ப நிலை. மையத்தில் 127, ஓரத்தில் 0 என்று கொசைன் வடிவத்தில் வெப்பம் பரவியிருந்த தகட்டைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பிசகில்லாத விடை. நம் தகடு அப்படித் தொடங்கவில்லை. முழுக்க 100 என்ற தட்டையான கோட்டை வரைய, மற்ற கொசைன்கள் எல்லாம் வேண்டும். இரண்டாவது உறுப்பின் வேலையே அந்த 127இலிருந்து 42ஐக் கழிப்பது. மூன்றாவது 25ஐத் திருப்பிக் கூட்டுகிறது. இப்படிக் கூட்டிக் கழித்துத்தான் 100 வரும்.

பிறகு எப்படிப் பத்தாவது வினாடியில் சரியாகிறது? உறுப்புகள் தேயும் வேகம் 1, 9, 25 என்ற விகிதத்தில் இருக்கிறது. முதல் உறுப்பு 61 சதவீதமாகக் குறையும்போது இரண்டாவது 1.2 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. மீதி எல்லாம் காணாமலே போய்விடும். அதாவது எந்த வடிவத்தில் தொடங்கியது என்பதைத் தகடு மறந்துவிடுகிறது. தட்டையாகத் தொடங்கிய தகடும் கொசைனாகத் தொடங்கிய தகடும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. மறப்பதற்கு முன்னால் கேட்டால் இரண்டும் வேறு வேறு. 0.2 என்பதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

கடிதத்தில் என்னை நிஜமாகவே உறுத்திய வரி ஒன்று உண்டு. "தற்காலிகமாக 100க்கு மேல் வருவதை 100 என்று வெட்டிவிட்டேன்." மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழகிய பழக்கம்: எல்லை மீறினால் ஒரு `min()` போட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. வெட்டிய வரைபடத்தில் மையம் 4.9 வினாடி வரை 100இலேயே இருக்கும். அந்த நேரத்தில் உண்மையான மதிப்பு 95. இது சின்ன வித்தியாசம், போகட்டும். பெரிய தவறு இன்னும் கீழே இருக்கிறது.

கொசைன் தகட்டின் சராசரி வெப்பநிலை ஆரம்பத்திலேயே 81 டிகிரிதான் (8/π²). தண்ணீரில் தொடுவதற்கு முன்பே வெப்பத்தில் 19 சதவீதம் போய்விட்டதாகக் கணக்கு. நடுவில் 27 டிகிரி கூட, ஆனால் ஓரங்களில் அதைவிட அதிகமாகக் குறை. நடுவைப் பார்த்து வெட்டினால் ஓரத்தில் உள்ள பள்ளம் அப்படியே இருக்கும், மேட்டை மட்டும் வெட்டியதால் சராசரி இன்னும் இறங்கும். அரை வினாடியில் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் வெப்பப் பாய்வு உண்மையில் ஒற்றை உறுப்பு சொல்வதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கண்ணாடிக்கு இது ஏன் முக்கியம்? குளிர்ந்த மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும், சூடான உட்பகுதி விடாது. மேற்பரப்பில் வரும் இழுவிசைத் தகைவு, சராசரி வெப்பநிலைக்கும் மேற்பரப்பு வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அது உச்சத்தில் இருப்பது முதல் கணத்தில். அப்போது உண்மையான வித்தியாசம் 100. ஒற்றை உறுப்பு சொல்வது 81. மையத்தில் அதிகமாகக் காட்டும் அதே சூத்திரம், தகடு விரிசல் விடுமா என்ற கேள்விக்குக் குறைவாகக் காட்டுகிறது. 127ஐப் பார்த்து யாரும் சிரித்துவிடுவார்கள். 81 எந்தச் சந்தேகத்தையும் எழுப்பாது.

கடைசியில் அவர் கேட்பது, "எத்தனை உறுப்புகள் எடுத்தால் போதும்?" எந்த நேரம், எந்த அளவு என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. 0.05 வினாடியில் மேற்பரப்பு வெப்பப் பாய்வு வேண்டுமானால் இருபதுக்கு மேல் தேவைப்படும். அதற்குப் பதிலாக நான் வேறு சூத்திரத்துக்குப் போவேன். ஆரம்பத்தில் தகட்டின் ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் இருப்பதே தெரியாது. எனவே முடிவில்லாத் தடிமனுள்ள பொருளுக்கான erfc விடையை இரண்டு பக்கத்திலிருந்தும் கழித்தால் போதும்:

```
T(மையம்) = 100 [1 − 2 erfc(1/(2√Fo))]
```

2.5ஆவது வினாடியில் இது 99.7 தருகிறது, ஒற்றை உறுப்பு 112.5. பத்தாவது வினாடியில் இது 77.2, ஒற்றை உறுப்பு 77.7. அங்கே மாற்றிக்கொள்ளலாம்.