கூர்முனையில் ஒரு குறை

இயற்பியல் பாடநூல்களில் வரும் திசைவேக-காலப் படத்தைத் திருமழிசை நிறுத்தத்தினின்று புறப்படும் ஒரு பேருந்துக்குப் பொருத்திப் பாருங்கள். 10 விநாடியில் விநாடிக்கு 12 மீட்டர் வேகம். 40 விநாடி அதே வேகம். பின் 6 விநாடியில் நிற்கிறது. சாய்வே முடுக்கம்: முதலில் 1.2, பிறகு சுழி, இறுதியில் −2. கோட்டின் கீழுள்ள பரப்பே தொலைவு: 60 + 480 + 36 = 576 மீட்டர்.

கணக்கில் பிழையில்லை, குறை படத்தின் கூர்முனையில். அங்கே முடுக்கம் 1.2-இலிருந்து கணத்தில் சுழியாகிறது. எந்தப் பேருந்தும் அப்படி ஓடாது. முடுக்கம் 9-ஆம் விநாடியிலிருந்து 11-ஆம் விநாடிவரை சீராகக் குறைவதாகக் கொள்ளுங்கள். முனை வளைகிறது, பரப்பில் குறைவதோ 20 செ.மீ. மட்டுமே. ஆகவே தொலைவுக்கு இப்படத்தை நம்பலாம். முனையருகே முடுக்கத்திற்கு நம்பலாகாது. பாடநூல் இதைப் படத்தின் அடியில் ஒரு வரியாகவேனும் சொல்ல வேண்டும்.