சட்டத்துக்கு முந்தைய சொற்கள்

ஸ்ரீரங்கத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கிப் பிழைக்கும் அக்கா ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "எங்க அண்ணன் மக என்.எஸ்.பி. ரோட்டுல ஜவுளிக்கடையில நிக்கிறா. அங்க யாராச்சும் தப்பா நடந்துக்கிட்டா சொல்ல கமிட்டி இருக்காம். எனக்கு எங்க டீச்சர் இருக்கு?" அவர் வேலை பார்த்த ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை அதற்குமேல் சொல்லவில்லை. அந்த வீட்டு வேலையை மட்டும் விட்டுவிட்டார்.

அவருக்குப் பதில் தேடி 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைத் திரும்ப வாசித்தேன். அதன் பிரிவு 2(n) எவையெல்லாம் துன்புறுத்தல் என்று ஐந்து வகைகளைச் சொல்கிறது: உடல்தொடுகை, பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் நெடியுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பத்தகாத வேறு பாலியல் நடத்தை. இந்தச் சொற்கள் நாடாளுமன்றத்தில் பிறந்தவை அல்ல. 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பிலும் இதே ஐந்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1992இல் ஐ.நா.வின் சீடா குழு வெளியிட்ட 19ஆம் பொதுப் பரிந்துரையில் முதல் நான்கும் இருக்கின்றன.

சீடா என்கிற பெண்கள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த உடன்படிக்கையில் பாலியல் துன்புறுத்தல் என்ற சொல்லே கிடையாது. அதைச் சேர்த்துப் படிக்கச் சொன்னது குழுவின் பரிந்துரைதான். பரிந்துரை எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. இப்படிப்பட்ட பிரகடனங்களையும் பரிந்துரைகளையும் 'மென்சட்டம்' என்கிறார்கள்.

அந்த மென்மையான தாளை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தது ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை. ராஜஸ்தானின் பன்வாரி தேவி அரசின் பெண்கள் திட்டத்தில் 'சாத்தின்' ஆக வேலை செய்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போனதற்காக 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. உள்நாட்டில் சட்டம் இல்லாத இடத்தில் பன்னாட்டு நெறிகளைக் கொண்டு அரசியலமைப்பைப் பொருள்கொள்ளலாம் என்றார் நீதிபதி வர்மா. சட்டம் வரும்வரை இந்த நெறிமுறைகளே சட்டம் என்றும் அறிவித்தார்.

ஆனால் 'வழிகாட்டு நெறிமுறை' என்ற பெயரே அவற்றுக்கு வினையாயிற்று. பல முதலாளிகளும் அரசு அலுவலகங்களும் அவற்றை அறிவுரையாகவே எடுத்துக்கொண்டன. 2012இல் மேதா கோத்வால் லேலே வழக்கில், நெறிமுறைகள் இன்னும் ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் வர 16 ஆண்டுகள் ஆயின.

வந்த சட்டம் பழைய தாளின் வெறும் நகல் அல்ல. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு வேண்டும் என்றது. 2010 மசோதா வெளியே நிறுத்திய வீட்டுப் பணிப்பெண்களை உள்ளே சேர்த்தது. இவை நாம் பெற்றவை. பொய்ப்புகார் கொடுத்தால் நடவடிக்கை என்ற பிரிவு 14 விசாகாவில் இல்லாதது. புகார் கொடுக்கத் துணிந்தவளை முதலில் மிரட்டுவது அதுதான்.

அக்காவின் கேள்விக்கான பதில் பிரிவு 11இல் இருக்கிறது. ஜவுளிக்கடைப் பெண்ணின் புகாரைக் குழுவே 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும், இழப்பீடும் பரிந்துரைக்கலாம். வீட்டுப் பணிப்பெண்ணின் புகாரிலோ, முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் உள்ளூர்க் குழு ஏழு நாளுக்குள் அதைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். போலீஸ் வேண்டாம், அந்த ஆளைக் கேள்வி கேட்டால் போதும், போன சம்பளம் கிடைத்தால் போதும் என்று நினைப்பவளுக்கு அங்கே வழி இல்லை. ஒரே சட்டம் ஒருத்திக்கு விசாரணையைக் கொடுத்துவிட்டு, இன்னொருத்தியை ஸ்டேஷன் வாசலுக்கு அனுப்புகிறது. வீட்டுக்குள் நடப்பதை வேலையிடப் பிரச்சினையாகப் பார்க்க மனம் வராததன் அடையாளம் இது.

இங்கே விட்டுப்போனதும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வெளியிட்ட 201ஆம் பரிந்துரை, வீட்டுப் பணியாளர்கள் எளிதில் அணுகக்கூடிய புகார் முறை வேண்டும், எல்லாப் புகார்களும் விசாரிக்கப்பட வேண்டும், அந்த வீட்டைவிட்டு வெளியேறுபவருக்குத் தற்காலிகத் தங்குமிடம் வேண்டும் என்கிறது. அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாத தாள்தான். 1992இன் பரிந்துரையும் அப்படித்தான் இருந்தது, அதை ஒரு வழக்குக்குள் பெண்கள் கொண்டுபோகும்வரை.

"திருச்சி கலெக்டர் ஆபீஸ்ல உள்ளூர்க் குழுன்னு கேளுங்க அக்கா. மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்" என்று அவரிடம் சொன்னேன். "கொடுத்தா என்ன செய்வாங்க?" என்றார். போலீசுக்கு அனுப்புவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு என்று எழுந்துபோனார்.