ரிமோட்டில் அணைத்தால் கரண்ட் மிச்சமாகுமா? ப்ளக்-இன் எனர்ஜி மீட்டர் விமர்சனம்

சுவர் சாக்கெட்டுக்கும் சாதனத்தின் ப்ளக்குக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டிதான் ப்ளக்-இன் எனர்ஜி மீட்டர். பட்டனை அழுத்த அழுத்த வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், ஓடிய யூனிட் என்று வரிசையாகக் காட்டும். அயர்ன் பாக்ஸையும் ஹீட்டரையும் அளப்பது இதற்குச் சுலபம். சும்மா செருகி வைத்த சார்ஜரும், ரவுட்டரும், செட்டாப் பாக்ஸும் இழுக்கும் சொற்பக் கரண்டையும் நம்பும்படி காட்டுமா என்று வீட்டில் சோதித்துப் பார்த்தேன். காட்டும், ஆனால் எதற்கு எந்த எண்ணைப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

செட்டாப் பாக்ஸ்

டிடிஎச் பெட்டியைச் செருகி, படம் ஓடும்போது பார்த்தேன்: 9.2 வாட். ரிமோட்டில் அணைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது, டிவி கறுத்தது. மீட்டரிலோ 7.8 வாட்! பல பெட்டிகளில் ரிமோட் நிறுத்துவது படத்தையும் ஒலியையும் மட்டும்தான். உள்ளே ட்யூனர் விழித்தே இருக்கும். மாடியில் உள்ள டிஷ்ஷின் எல்என்பிக்கும் இந்தப் பெட்டிதான் கேபிள் வழியே மின்சாரம் அனுப்புகிறது, அதுவும் தொடர்கிறது.

இங்கே ஆம்பியரைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. திரையில் 0.07 ஆம்பியர் என்று இருந்தது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 16 வருகிறது, அதாவது நிஜ வாட்டைப் போல் இரண்டு மடங்கு. இந்த வகை பவர் சப்ளைகளின் பவர் ஃபேக்டர் பாதிக்குப் பக்கம் நிற்பதுதான் காரணம். வீட்டு பில் வாட் கணக்கில்தான் வருகிறது என்பதால் வாட் திரையை மட்டும் படித்தால் போதும்.

நாளுக்கு 4 மணி நேரம் டிவி பார்க்கும் வீட்டில் மீதி 20 மணி நேரமும் பெட்டி 7.8 வாட் இழுத்தால் நாளுக்கு 156 வாட்-மணி. ஒரு பில்லுக்கு, அதாவது 60 நாளுக்கு, 9 யூனிட்டுக்கு மேல் போகிறது.

ரவுட்டர்

ரவுட்டரின் வாட் நிலையாக நிற்பதில்லை. யாராவது வீடியோ பார்த்தால் 7-ஐத் தாண்டும், சும்மா இருந்தால் 6-க்குக் கீழே இறங்கும். ஆகவே அந்த நேரத்து எண்ணை நம்பாமல் யூனிட் திரையை அழித்து பூஜ்யமாக்கி, ஒரு வாரம் அப்படியே விட வேண்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால், மீட்டரின் கடைசி இலக்கம் 0.01 யூனிட் என்பதால் கணிப்பு தடுமாறும். என் ரவுட்டருக்கு 168 மணி நேரத்தில் 1.05 யூனிட் ஆனது, சராசரி 6.25 வாட். பில்லுக்கு 9 யூனிட்தான் என்றாலும் பகலில் அது வேலை செய்கிறது. இரவில் 8 மணி நேரம் அணைத்தால் மிச்சமாவது 3 யூனிட்.

சார்ஜர்

மொபைல் இல்லாமல் செருகிய சார்ஜருக்கு மீட்டர் 0.0 என்றது. சார்ஜர் ஒன்றும் இழுக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வாட்டுக்குக் கீழே போனால் இந்த வகை மீட்டர்கள் பல அதைக் கண்டுகொள்வதே இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 9 வாட் எல்ஈடி பல்பை எரியவிட்டு, சூடேறி எண் நிலைக்கும் வரை கால் மணி நேரம் காத்திருந்தேன்: 8.8 வாட். பிறகு ஐந்து சார்ஜர்களைச் சேர்த்துச் செருகினேன்: 9.1. ஐந்துக்கும் சேர்த்து 0.3 வாட், ஒன்றுக்கு 0.06. கடைசி இலக்கம் முன்பின் இருக்கலாம் என்பதால் 0.1 வாட்டுக்குள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய விதி 2020 முதல் இந்த வகைச் சார்ஜர்களுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பும் அதே 0.1 வாட்தான். ஒரு சார்ஜர் வருஷம் முழுக்கச் செருகியே கிடந்தாலும் ஒரு யூனிட் ஆகாது.

இந்தச் சோதனைக்குப் பழைய குண்டு பல்பு உதவாது. வோல்ட் கொஞ்சம் அசைந்தாலே அதன் வாட் சார்ஜர் இழுப்பதைவிட அதிகமாக மாறிவிடும். அதேபோல, கையில் எடுத்தால் கனக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை மேலே சொன்ன கணக்கில் சேர்க்க வேண்டாம். சும்மா இருக்கும்போதும் அது வெதுவெதுப்பாக இருந்தால் ஒன்றிரண்டு வாட் வீணாகிறது என்று அர்த்தம்.

வாங்கலாமா?

குறை இரண்டு. திரைக்குப் பின்விளக்கு இல்லை. தரையோரச் சாக்கெட்டில் குனிந்து படிக்க வேண்டும். 16 ஆம்பியர் பின்னோடு வரும் மாடல் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. வாங்கும் முன் பின்னைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு விலை படிப்படியாக ஏறுகிறது. நாம் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் விலை கூடிய மேல்படியிலிருந்துதான் குறையும். ஆகவே செட்டாப் பாக்ஸை சுவர் சுவிட்சில் அணைக்கும் பழக்கம் ஒன்றே மீட்டரின் விலையைக் காலப்போக்கில் மீட்டுத் தரும். மறுபடி போட்டால் பெட்டி எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், ரெக்கார்டிங் போட்டிருந்தால் விட்டுப்போகும், அவ்வளவுதான். அளக்கும் வேலை சில வாரத்தில் முடிந்துவிடுவதால் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்வதே நல்லது.