முதலிடம் என்பது முடிவன்று: பிரசவகால இரத்தப்போக்குத் தடுப்பு மருந்துகள் குறித்த பிணையத் தொகுபகுப்பாய்வு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பிரசவத்திற்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்துகளை ஒப்பிட்டு, காக்ரேன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட பிணையத் தொகுபகுப்பாய்வு பல நாடுகளில் கவனம் பெற்றது. அதன் தரவரிசையில் முன்னிற்கும் மருந்துகளைச் 'சிறந்தவை' என்று கொள்வதற்கு அவ்வாய்வு எந்த அளவு இடமளிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மறைமுக ஒப்பீட்டுக்கு அடிப்படையான கடப்புத்தன்மை என்னும் எடுகோளும், தரவரிசை உருவாகும் முறையும் இங்கு விளக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: பிணையத் தொகுபகுப்பாய்வு, கடப்புத்தன்மை, தரவரிசை, ஆக்சிடோசின், கார்பெட்டோசின்

முன்னுரை

குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காவிடில் தாய்க்கு இரத்தப்போக்கு மிகும். இதைத் தடுக்கப் பிரசவம் நிகழ்ந்த உடனே கருப்பையைச் சுருங்கச்செய்யும் மருந்து தரப்படுகிறது. ஆக்சிடோசின் ஊசியே நெடுங்காலமாகப் பொதுவழக்கு. எனினும் அதனை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். சென்னை – திருப்பதி நெடுஞ்சாலையில் திருத்தணிக்கு முன்னுள்ள கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களில் கோடைவெயிலும் மின்தடையும் இக்காப்புக்குச் சோதனையாகும். வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் 'தரவரிசையில் ஆக்சிடோசினை முந்தியது' என்ற செய்தி இத்தகைய ஊர்களின் மருந்துத்தேர்வைப் பாதிக்கக்கூடியது. ஆகவே அச்செய்தியின் உண்மைப் பொருள் தெளிவுபட வேண்டும்.

பிணையத்தின் அமைப்பு

வழக்கமான தொகுபகுப்பாய்வு இரண்டு மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டுமே திரட்டும். பிணையத் தொகுபகுப்பாய்வு பல மருந்துகளை ஒரே வலையில் இணைக்கிறது. எர்கோமெட்ரின்–ஆக்சிடோசின் கூட்டுமருந்தும் கார்பெட்டோசினும் தனித்தனியே ஆக்சிடோசினுடன் ஒப்பிடப்பட்டிருந்தால், ஆக்சிடோசினைப் பொதுவளவையாகக் கொண்டு அவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். நேரடி ஒப்பீடுகளும் இருப்பின் அவையும் இதனுடன் சேர்க்கப்படும்.

காக்ரேன் ஆய்வு 196 ஆய்வுகளையும் 1,35,559 பெண்களையும் இவ்வாறு இணைத்தது. 500 மி.லி. அல்லது அதற்கு மேற்பட்ட இரத்தப்போக்கைத் தடுப்பதில் எர்கோமெட்ரின்–ஆக்சிடோசின், மிசோபிராஸ்டால்–ஆக்சிடோசின், கார்பெட்டோசின் ஆகிய மூன்றும் முன்னிடம் பெற்றன. ஆக்சிடோசினுடன் ஒப்பிடுகையில் எர்கோமெட்ரின் கூட்டுமருந்தின் இடர்விகிதம் 0.70 (95% நம்பிக்கை இடைவெளி 0.59–0.84), கார்பெட்டோசினுக்கு 0.72 (0.56–0.93).

தரவரிசை சொல்வதும் சொல்லாததும்

மேற்கண்ட இரு மருந்துகளுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு? 0.70-ஐ 0.72-ஆல் வகுத்தால் 0.97 கிடைக்கிறது. இரு மதிப்பீடுகளையும் சார்பற்றவையாகக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், இதன் நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.71 முதல் 1.32 வரை விரிகிறது. அதாவது, எர்கோமெட்ரின் கூட்டுமருந்து கால்பங்குக்கும் மேல் மேம்பட்டதாகவும் இருக்கலாம். கார்பெட்டோசினைவிடத் தெளிவாகத் தாழ்ந்ததாகவும் இருக்கலாம்.

தரவரிசை இந்த ஐயத்தை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு மருந்தின் மதிப்பீட்டிலிருந்தும் அதன் ஐயவரம்புக்கு ஏற்பப் பல்லாயிரம் முறை மதிப்புகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று எண்ணிச் சராசரி காணப்படுகிறது. மேற்கண்ட தோராயக் கணக்கின்படி இவ்விரு மருந்துகளை மட்டும் நூறுமுறை போட்டியிடச் செய்தால், எர்கோமெட்ரின் கூட்டுமருந்து ஏறத்தாழ 57 முறையும் கார்பெட்டோசின் 43 முறையும் முந்தும். பட்டியலில் இது ஒன்று, இரண்டு என்ற தெளிவான வரிசையாகத் தோன்றினும், உண்மையில் நாணயச் சுண்டலைச் சற்றே கடந்த நிலையாகும்.

மேலும், தரவரிசை ஒரு விளைவை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறது. எர்கோமெட்ரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், வாந்தியையும் உண்டாக்கும். மிசோபிராஸ்டால் காய்ச்சலையும் நடுக்கத்தையும் தோற்றுவிக்கும். உயர் இரத்த அழுத்தம் உடைய தாய்க்கு, பட்டியலில் முதலிடம் பெற்ற மருந்தே தகாத மருந்தாகிவிடும்.

கடப்புத்தன்மை என்னும் எடுகோள்

மேல்நிலைக் கணிதத்தில் பயிலப்படும் கடப்பு உறவின்படி அ, ஆ-வைவிடப் பெரியது, ஆ, இ-யைவிடப் பெரியது எனில் அ, இ-யைவிடப் பெரியது. எண்களுக்கு இது எப்போதும் பொருந்தும். மருந்துகளுக்கோ, இரு ஒப்பீடுகளிலும் பங்கேற்ற பெண்களும் சூழலும் விளைவைப் பாதிக்கும் வகையில் வேறுபடாதபோதே பொருந்தும். வேறுவகையிற் கூறின், எந்த ஆய்வின் பெண்ணையும் எந்த மருந்துக்கும் ஒதுக்கியிருக்கலாம் என்ற நிலை வேண்டும்.

இப்பிணையத்தில் அந்நிலை ஐயத்திற்குரியது. கார்பெட்டோசின் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனைகளில் சிசேரியன் முறையில் பிள்ளை பெற்றோரிடம் நிகழ்ந்தவை. மிசோபிராஸ்டால் ஆய்வுகள் சில இதற்கு நேர்மாறானவை. எடுத்துக்காட்டாக, கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் 1,620 கிராமப்புறப் பெண்கள் பங்கேற்றனர். வீடுகளிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் துணைச் செவிலியர் பிரசவம் பார்த்தனர். போலிமருந்து பெற்றோருள் 12.0 விழுக்காட்டினருக்கும், மிசோபிராஸ்டால் பெற்றோருள் 6.4 விழுக்காட்டினருக்கும் மிகை இரத்தப்போக்கு ஏற்பட்டது. சிசேரியனில் 500 மி.லி. இழப்பு எளிதில் நேர்வது. சுகப்பிரசவத்தில் அதே அளவு வேறுபொருள் தருவது. இழப்பைக் கண்மதிப்பாகக் கணிப்பதும் அளவுக்குறியிட்ட உறையில் சேகரித்து அளப்பதும் ஒன்றல்ல.

காக்ரேன் ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பிரசவ முறை, பிரசவ இடம் முதலியவற்றின்படி துணைப்பகுப்பாய்வுகளைச் செய்து, முக்கிய வேறுபாடு தென்படவில்லை என்றனர். எனினும் சில ஆய்வுகளே உள்ள துணைப்பிரிவில் வேறுபாடு தென்படாமை, வேறுபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. நேரடி, மறைமுக மதிப்பீடுகள் முரண்படுகின்றனவா என்று பார்க்கும் சோதனைக்கும் இதே குறை உண்டு. முரண் தென்பட்டால் எடுகோள் பழுதென்று ஐயுறலாம். தென்படாவிடின் எடுகோள் மெய்ப்பிக்கப்பட்டதாகாது.

தரமான ஆய்வுகள் மட்டும் எஞ்சியபோது

இவ்வாய்வின் மிக முக்கியமான பகுதி அதன் தரவரிசைப் படத்தில் இல்லை. உயர்தர ஆய்வுகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது கார்பெட்டோசின் தன் இடத்தை இழந்து ஆக்சிடோசினுக்கு ஒப்பானதாயிற்று என்று ஆய்வாளர்களே குறிப்பிடுகின்றனர்.

இம்மாற்றம் வியப்புக்குரியதன்று. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளில் நடத்தி 2018-இல் வெளியிட்ட 'சாம்பியன்' ஆய்வு, சுகப்பிரசவம் கண்ட 29,645 பெண்களிடம் இரு மருந்துகளையும் நேரடியாக ஒப்பிட்டது. 500 மி.லி. இழப்போ கூடுதல் மருந்துத்தேவையோ நேர்ந்தோர் கார்பெட்டோசின் பிரிவில் 14.5 விழுக்காடு, ஆக்சிடோசின் பிரிவில் 14.4 விழுக்காடு. கார்பெட்டோசின் தாழ்ந்ததன்று என்பதையே இது காட்டுகிறது. உயர்ந்தது என்று காட்டவில்லை. அவ்வாய்வில் ஆக்சிடோசின் முறையாகக் குளிரில் காக்கப்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது. குளிர் காக்கப்படாத இடத்தில் வீரியம் இழந்த ஆக்சிடோசினோடு ஒப்பிட்டால் என்னாகும் என்பது அவ்வாய்வு கேட்காத வினா.

முடிவுரை

கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடப்பவை பெரும்பாலும் சுகப்பிரசவங்களே. அறுவை தேவைப்படுவோர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். ஆகவே அங்கு மருந்து தேர்வோருக்கு, சிசேரியன் ஆய்வுகள் மிகுந்த பிணையத்தின் தரவரிசையைவிட, சுகப்பிரசவத்தில் நிகழ்ந்த நேரடி ஒப்பீடே நெருக்கமான சான்று. அச்சான்றின்படி குளிர்காப்பு உறுதியான இடத்தில் ஆக்சிடோசினைக் கைவிடக் காரணமில்லை. குளிர்காப்பு உறுதியற்ற இடத்தில் கார்பெட்டோசினைக் கருதக் காரணமுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையும் ஆக்சிடோசினை முதன்மையாக நிறுத்தி, விலை ஒப்பத்தக்கதாயின் கார்பெட்டோசினையும் ஏற்கிறது.

இவ்வாய்வைத் தமிழில் அறிமுகப்படுத்துவோர் 'மூன்று மருந்துகள் முன்னிடம் பெற்றன' என்பதோடு நிறுத்தலாகாது. அவற்றிற்கிடையிலான வேறுபாடு உறுதிப்படவில்லை என்பதையும், உயர்தர ஆய்வுகளில் வரிசை மாறியது என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லும்போதே அறிமுகம் ஆய்வுக்கு உண்மையாக அமையும்.